முதல் மழைத்தண்ணி ஏன் இவ்ளோ அழுக்கு? கிண்ணம் வைச்சுப் புடிச்சுப் பார்த்தேன்

மழைக்கிண்ணம்
ரொம்ப நாளா சொட்டு மழை இல்லாம நேத்து சாயங்காலம் ஒரு வழியா பேஞ்சுது. ரொம்ப நாளா மனசுல இருந்த ஒரு விஷயத்தை செஞ்சு பாத்துடலாம்னு மொட்டை மாடில ஒரு கண்ணாடிக் கிண்ணம் வைச்சு, பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா அதை எடுத்துட்டு வேற கிண்ணம் வைச்சேன், மொத்தம் ஆறு கிண்ணம். வீட்ல தண்ணி பாக்குற டி.டி.எஸ் மீட்டர் இருக்கு, அதுல அளந்தா வரிசையா 58, 27, 16, 11, 10, 10. முதல் கிண்ணத்தை ஒரு மணி நேரம் ஆடாம வைச்சதுல அடியில பழுப்பா மெல்லிசா ஒரு படிவு, விரல்ல தேச்சா நறநறன்னுது. மூணாவது கிண்ணத்துலருந்து அடி சுத்தமா இருந்துச்சு.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, முதல்ல இருந்து ரெண்டாவதுக்கு ஏன் இப்படி சடார்னு பாதியா விழுது? ரெண்டு, கடைசில 10லயே நிக்குதே, ஏன் பூஜ்யத்துக்குப் போகல? காத்துல இருந்த அழுக்கு எல்லாம் அதுக்குள்ள தீந்திருக்கணுமே.

குடை_எங்க
இதுல என்ன ப்ரோ இருக்கு, பெருக்காத வீடு மாதிரிதான். மழை இல்லாத நாள்லாம் காத்துல தூசி புகை எல்லாம் சேந்துகிட்டே போகும், மழை வந்தா ஒரே கழுவா கழுவிடும், முதல்ல வர்ற தண்ணில எல்லா அழுக்கும் வந்துரும். ஒரு மணி நேரம் பேஞ்சா காத்து கண்ணாடி. அந்த 10 உங்க மீட்டர் பிழையா இருக்கும்.

தூசித்தாத்தா
கிண்ணம், முதல் கிண்ணத்தை எப்போ வைச்சீங்க? மழை ஆரம்பிச்ச அப்புறமா, முன்னாடியேவா?

மழைக்கிண்ணம்
மேகம் கூடுதேன்னு மதியமே வைச்சுட்டேன் சார். மழை வந்தது ஆறு மணிக்கு மேல.

தூசித்தாத்தா
அப்போ அந்த 58ஐயும் அந்தப் படிவையும் முழுசா மழை தலையில கட்ட முடியாது. நாலஞ்சு மணி நேரம் கிண்ணம் தெறந்து கிடந்திருக்கு, தூசி தானா விழுந்திருக்கும், மழைக்கு முன்னாடி அடிக்குமே ஒரு காத்து, அதுவும் ஒரு கை மண்ணைக் கொண்டாந்து போட்டிருக்கும். இதுக்காகத்தான் முறையா மழைத்தண்ணி சேகரிக்கிறவங்க மூடி போட்ட பாத்திரம் வைப்பாங்க, முதல் துளி சென்சார்ல பட்டாதான் மூடி தெறக்கும், மழை நின்னா மூடிக்கும். உங்களுக்கு அவ்ளோ வேணாம், ஒரு தட்டைக் கவுத்து மூடி வைச்சுட்டு மழை வந்ததும் எடுத்தா போதும்.

இன்னொண்ணு, பத்து நிமிஷக் கணக்கு வேணாம், தண்ணி அளவுக் கணக்கு வைங்க. முதல் பத்து நிமிஷம் தூறல், அடுத்த பத்து நிமிஷம் கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சுன்னா ரெண்டாவது கிண்ணம் சும்மா நிறைய தண்ணி சேந்ததால நீர்த்துத் தெரியும். கிண்ணத்தோட வாய் 20 செ.மீ அகலம்னா 31 மில்லி சேந்தா ஒரு மில்லிமீட்டர் மழை. 31 மில்லிக்கு ஒருக்கா மாத்துங்க.

இது எல்லாத்தையும் கழிச்சாலும் முதல் தண்ணி அழுக்காத்தான் இருக்கும், அதுல சந்தேகமே இல்ல. காரணத்தை ராத்திரி சாவகாசமா எழுதுறேன்.

மண்வாசம்
முதல் மழைக்கு ஒரு வாசனை வருமே, அது காத்துல இருக்க அழுக்கு கரையுற வாசனைதானா? அதான் கேக்குறீங்களா?

மழைக்கிண்ணம்
இல்லங்க, வாசனை பத்தி கேக்கல 😄

தூசித்தாத்தா
சரி, உக்காந்துட்டேன்.

மழை காத்தை எப்படிக் கழுவுதுன்னா தண்ணி ஊத்திக் கழுவுற மாதிரி இல்ல. ஒவ்வொரு துளியும் மேலருந்து கீழ ஒரு குழாய் மாதிரி வழி போட்டுட்டு வருது, அந்தக் குழாய்க்குள்ள இருந்த தூசிக்கு மட்டும்தான் மாட்ட வாய்ப்பு. அப்போ எத்தனை துளி, எவ்ளோ இடத்தைத் துடைக்குதுன்னு பாத்தா போதும்.

ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டர் தரைக்கு ஒரு லிட்டர் தண்ணி. துளி ஒவ்வொண்ணும் ஒன்றரை மில்லிமீட்டர் விட்டம்னு வைங்க, அந்த ஒரு லிட்டர்ல சுமார் 5 லட்சத்து 66 ஆயிரம் துளி. ஒரு துளியோட குறுக்குப் பரப்பு 1.77 சதுர மில்லிமீட்டர். ரெண்டையும் பெருக்கினா பத்து லட்சம் சதுர மில்லிமீட்டர், அதாவது சரியா ஒரு சதுர மீட்டர்! அந்த விட்டத்துக்கு மட்டும் கணக்கு இப்படி அழகா உக்காருது, அதான் அதை எடுத்தேன். ஒரு மில்லிமீட்டர் மழை பேஞ்சா உங்க தலைக்கு மேல இருக்க காத்து முழுக்க சராசரியா ஒரு தடவை துடைக்கப்படுது. சராசரியாதான், சில இடத்துல ரெண்டு துளி போயிருக்கும், சில இடத்துல ஒண்ணும் போயிருக்காது.

இப்போ வழில இருக்க தூசி எல்லாமே துளியில ஒட்டிக்காது. பத்து மைக்ரான் அளவு மண்தூசி நல்லா மாட்டும், கணக்குக்காக பாதி மாட்டுதுன்னு வைப்போம். அப்படின்னா ஒவ்வொரு மில்லிமீட்டரும் அப்போ மிச்சம் இருக்கறதுல நூத்துக்கு 39 பங்கை எடுக்கும். சுத்திச் சுத்தி அதே இடத்துல போற துளியும் உண்டுங்கறதால 50 வராது, 39தான்.

காத்துல கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராம் பெரிய தூசி, மேகத்தோட அடி ஒரு கிலோமீட்டர் உயரத்துல. அப்போ உங்க ஒரு சதுர மீட்டருக்கு மேல நிக்கிற தூசி மொத்தம் 200 மில்லிகிராம். முதல் லிட்டர் அதுல 79 மில்லிகிராமை இறக்கிடும். மீதி 121தான், அதனால ரெண்டாவது லிட்டருக்கு 48தான் கிடைக்கும், மூணாவதுக்கு 29, நாலாவதுக்கு 18. தண்ணி எல்லாம் ஒரே தண்ணிதான், ஒரே மாதிரிதான் துடைக்குது, முதல்ல வந்தவனுக்கு பந்தியில நிறைய இருந்துச்சு அவ்ளோதான். உங்க சடார் வீழ்ச்சிக்கு முக்கால்வாசி பதில் இதுதான்.

மாடி_மீட்டர்
சார் கணக்கு சூப்பர், ஆனா என் வீட்டு விஷயம் இதுக்கு நேர் மாறா இருக்கு. பால்கனில சின்ன ஏர் குவாலிட்டி மீட்டர் ஒண்ணு மாட்டியிருக்கேன், போன தடவை ஒரு மணி நேரம் தூறல், பெரிய தூசியையும் சேத்துக் காட்டுற பி.எம் 10 நல்லா எறங்குச்சு ஆனா நுண்துகளை மட்டும் காட்டுற பி.எம் 2.5 முதல்ல 48ல இருந்து 63க்கு ஏறிட்டு அப்புறம் 50 கிட்டயே சுத்திகிட்டு இருந்துச்சு. மழை பேஞ்சா காத்து சுத்தம்ங்கறாங்க, எனக்கு மட்டும் ஏன் அழுக்காகுது? மீட்டரைக் குடுத்துட்டு வேற வாங்கணுமா?

குடை_எங்க
மீட்டர் போச்சு ப்ரோ. தண்ணி உள்ள போயிருக்கும்.

தூசித்தாத்தா
மீட்டர் போகல தம்பி, குடைக்காரர் அவசரப்படுறார்.

ஏறினதுக்குக் காரணம் ஈரப்பதம். இந்த சின்ன மீட்டர் எல்லாம் தூசியை எடை போடாது, லேசர் வெளிச்சத்தை அடிச்சு சிதர்ற ஒளியை வைச்சு கணிக்கும். காத்துல ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிடுச்சுன்னா உப்புத்தன்மை இருக்க நுண்துகள் தண்ணியை உறிஞ்சி ஊதிப்போகும், துகள் எண்ணிக்கை அதேதான் ஆனா உருவம் பெருசானதால மீட்டர் கூட காட்டும். அந்த நேரத்து ரீடிங்கை நம்பாதீங்க, ஈரப்பத எண்ணையும் பக்கத்துல குறிச்சு வைச்சுகிட்டா எது நிஜ ஏத்தம் எது ஊதினதுன்னு ஓரளவுக்குப் புரியும்.

ஆனா அப்புறம் எறங்காம 50லயே நின்னுச்சுன்னீங்க பாருங்க, அது பெரும்பாலும் நிஜம். பைக்ல போறப்போ பூச்சி ஹெல்மெட் கண்ணாடில வந்து பட்டுன்னு மோதும், ஆனா முன்னாடி போற வண்டியோட புகை கண்ணாடில மோதி ஒட்டாது, சுத்திகிட்டு பின்னாடி போயிடும். மழைத்துளிக்கும் அதே கதை. துளி விழறப்போ முன்னாடி இருக்க காத்து ரெண்டு பக்கமும் விலகி வழிவிடும், கனமான தூசியால அந்த வளைவுல திரும்ப முடியாது, நேரா வந்து மோதிடும். அரை மைக்ரான் புகைத்துகள் காத்தோட காத்தா வளைஞ்சு தப்பிச்சுடும். வழில இருக்கறதுல ஆயிரத்துக்கு ஒண்ணு மாட்டினாலே பெருசு.

அப்போ ஒரு மில்லிமீட்டர் மழை அந்த அளவுத் துகள்ல ஆயிரத்துல ஒரு பங்கைத்தான் எடுக்கும். பத்து மில்லிமீட்டர் நல்ல மழைக்கும் நூத்துல ஒண்ணுதான். உங்க 50 எப்படி எறங்கும்?

வேடிக்கை என்னன்னா இதைவிடப் பொடியா, நூறு நானோமீட்டருக்குக் கீழ போனா மறுபடி மாட்ட ஆரம்பிக்கும். அது அவ்ளோ லேசு, காத்து மூலக்கூறு இடிச்சு இடிச்சு தறிகெட்டு ஆடிகிட்டே இருக்கும், ஆடுற ஆட்டத்துல துளிமேல தானே போய் விழுந்துடும். பெருசு மாட்டும், பொடிசும் மாட்டும், நடுவுல இருக்கறவன் தப்பிப்பான். 1957லயே கிரீன்ஃபீல்ட்ங்கறவர் இதை எழுதினார், இன்னைக்கும் அந்த நடு இடத்துக்கு கிரீன்ஃபீல்ட் இடைவெளின்னுதான் பேரு.

குடை_எங்க
ஒத்துக்க மாட்டேன் சார். நல்ல மழை பேஞ்சு விட்டா தூரத்து மலை எல்லாம் கையில தொடுற மாதிரி தெரியுது. சின்னத் தூசி போகலைன்னா எப்படித் தெரியும்?

தூசித்தாத்தா
நல்ல கேள்வி, இதுதான் இந்த விஷயத்துலயே முடிச்சு. மலையை மறைக்கிறது பெரிய மண்தூசி இல்ல, வெளிச்சத்தை ரொம்ப சிதறடிக்கிறது அந்த அரை மைக்ரான் கூட்டம்தான். அதாவது மழைத்துளியால பிடிக்க முடியாத அதே ஆளுங்க. அவங்க போனதாலதான் மலை தெரியுது, ஆனா துளி மோதிப் போகல. பாதி நேரம் காத்தே மாறியிருக்கும், மழை மேகத்தோட மேலருந்து வேற காத்து எறங்கி பழைய காத்தைத் தள்ளிட்டுப் போயிருக்கும். அதுக்கு மழை கழுவுச்சுன்னு நாம பேர் வைச்சுக்கறோம்.

ஆய்வகம்_விட்டவள்
தாத்தா சார், ஒரு சின்ன ஆட்சேபணை. மழைத்தண்ணி மாதிரி சோதிக்கிற லேப்ல சில வருஷம் இருந்தவ நான். ஆயிரத்துல ஒண்ணுங்கறது காகிதக் கணக்கு. வெளியில போய் மழைக்கு முன்ன பின்ன துகள் எண்ணிப் பாத்தவங்களுக்கு அந்த நடு அளவுத் துகள் காகிதக் கணக்கை விட பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்கு வேகமா குறையுது. துளியில இருக்க மின்னேற்றம் இழுக்குதா, காத்து கொந்தளிச்சுக் கலக்கறதாலயா, இல்ல நீங்க சொன்ன மாதிரி காத்து மாறினதை மழை கணக்குல எழுதிட்டாங்களா, இதுல இன்னும் சண்டைதான். அதனால மழை நுண்துகளைத் தொடவே தொடாதுங்கற மாதிரி யாரும் எடுத்துக்க வேணாம்.

அப்புறம் கிண்ணம் தம்பியோட ரெண்டாவது கேள்வி அப்படியே கிடக்கு. அந்த 10 மீட்டர் பிழை இல்ல. மேகத்துக்குள்ளயே ஒவ்வொரு துளியும் ஒரு நுண்துகளைச் சுத்தித்தான் உருவாகுது, வெறும் காத்துல தண்ணி தானா திரளாது. அரை மைக்ரான் உப்புத்துகள், கீழ துளிகிட்ட தப்பிச்சவன், மேகத்துல போய் முதல் ஆளா சிக்குவான், அவன்தான் அங்க விதை. அதனால மழை கீழ வர்றதுக்கு முன்னாடியே அழுக்கோடதான் கிளம்புது. கீழ இருக்க காத்து எல்லாம் துடைச்சு முடிஞ்ச பிறகும் மேகம் கொண்டு வர்ற பங்கு வந்துகிட்டே இருக்கும், ஏன்னா மேகம் பக்கத்துலருந்து புதுக் காத்தை உறிஞ்சிகிட்டே இருக்கு. உங்க வரிசையில 58லருந்து 10 வரைக்கும் இறங்கற சரிவு கீழ்க் காத்தோட கணக்கு, தட்டையா நிக்கிற 10 மேகத்தோட கணக்கு. லேப்லயும் இப்படித்தான் பிரிச்சுப் பாப்போம், தோராயமா.

ஒரு எச்சரிக்கை, டி.டி.எஸ் மீட்டர் கரைஞ்ச உப்பை மட்டும்தான் காட்டும், அதுவும் மின்சாரம் கடத்துறதை வைச்சு ஊகிச்சு சொல்லும். உங்க விரல்ல நறநறன்ன மண் அதுல வரவே வராது. அதுக்கு வடிதாளை முதல்ல எடை போட்டு, தண்ணியை வடிகட்டி, காய வைச்சு மறுபடி எடை போடணும்.

பூச்செடி_மாமி
நான் விஞ்ஞானம் எல்லாம் படிக்கல, ஒரு சந்தேகம். பெருமழை பேஞ்சா கார் பளபளன்னு ஆயிடுது, ஆனா ரெண்டு நிமிஷம் தூறி நின்னுச்சுன்னா கார் முழுக்க மண்புள்ளி, கழுவின காரா இருந்தாலும் சரி. சின்ன மழைக்கு மட்டும் ஏன் இவ்ளோ அழுக்கு? வெத்தலைக்கொடி இலைலயும் அதே புள்ளி.

தூசித்தாத்தா
மாமி, நீங்க சொன்ன புள்ளியிலதான் நான் விட்டுப்போன விஷயம் இருக்கு. ரொம்ப நாள் மழை இல்லாத காத்து வறண்டு கிடக்கும். முதல் துளிங்க அதுக்குள்ள ஒரு கிலோமீட்டர் விழறப்போ வழியெல்லாம் ஆவியாகிகிட்டே வரும். துளி விட்டம் பாதியாச்சுன்னா தண்ணி எட்டுல ஒரு பங்குதான் மிச்சம், ஆனா அழுக்கு ஆவியாகாது, அப்போ அதே அழுக்கு எட்டு மடங்கு கெட்டியா வந்து விழும். கார் மேல விழுந்து மிச்சத் தண்ணியும் காஞ்சா ஓரத்துல கோடு கட்டின மாதிரி வட்டமா மண் நிக்கும், கிட்டப் போய்ப் பாருங்க, நடுவுல மண் கம்மியாவும் விளிம்புல தடிப்பாவும் இருக்கும். கொஞ்ச நேரம் பேஞ்சதும் காத்து ஈரமாயிடும், அப்புறம் வர்ற துளி அவ்ளோ ஆவியாகாம வரும். பெருமழைல அந்த முதல் புள்ளியும் விழுது, பின்னாடியே வர்ற தண்ணி அதைக் கழுவிட்டுப் போயிடுது.

துளி பொடிசா இருந்தா இன்னொண்ணும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணியைப் பொடித்துளியா பிரிச்சா மொத்தக் குறுக்குப் பரப்பு கூடும். அதனால ஒரே அளவு மழைக்கு தூறல்தான் அதிகமா துடைக்கும், கொட்டுற மழை கம்மியா துடைக்கும்.

பூச்செடி_மாமி
அப்போ மாடியிலருந்து குழாய்ல வர்ற முதல் தண்ணியைத் தொட்டியில விடக்கூடாதுங்கறதும் இதாலதானா?

ஆய்வகம்_விட்டவள்
அது வேற கணக்கு மாமி, ரெண்டையும் எல்லாரும் குழப்பிக்கறாங்க. மாடித்தண்ணில வர்றது பெரும்பாலும் தளத்து மேல வாரக்கணக்குல படிஞ்ச தூசி, காஞ்ச இலை, பறவை எச்சம். காத்துலருந்து வந்த பங்கு அதுல கொஞ்சம்தான். முதல் தண்ணியை வெளிய விடுறது சரிதான்.

குடை_எங்க
அப்போ நான் சொன்னதுதானே, மழை இல்லாத நாள் கூடக் கூட காத்துல அழுக்கு கூடிகிட்டே போகும். பத்து நாள் காஞ்சதை விட ரெண்டு மாசம் காஞ்சா ஆறு மடங்கு.

தூசித்தாத்தா
அங்கதான் பாதி சரி. தளத்து மேலன்னா கூடிகிட்டே போகும், சரி. காத்துல அப்படிக் கூடாது. பத்து மைக்ரான் தூசி மழை இல்லாமயே மணிக்கு பத்து இருபது மீட்டர் கீழ எறங்கிகிட்டு இருக்கு, சில நாள்ல தரைக்கு வந்துடும். கிளம்புறதும் விழறதும் கொஞ்ச நாள்ல சமமாயிடும். அதனால பத்து நாள் காஞ்ச காத்துக்கும் அறுபது நாள் காஞ்ச காத்துக்கும் ஆறு மடங்கு வித்தியாசம் இருக்காது. கொஞ்சம் கூடலாம், ஏன்னா மண் காயக் காய சின்னக் காத்துக்கே தூசி கிளம்பும், அது இருப்புனால இல்ல, வரத்து கூடினதால.

மண்வாசம்
என் வாசனைக் கேள்விக்கு யாருமே பதில் சொல்லல 😒

ஆய்வகம்_விட்டவள்
சொல்றேன் வாங்க. அது அழுக்கு கரையுற வாசனை இல்ல, மண்ணுலருந்து கிளம்புறது. துளி காஞ்ச மண்ல விழறப்போ அடியில காத்துக்குமிழி மாட்டி, சோடா மாதிரி மேல வந்து உடைஞ்சு பொடித்திவலையா தெறிக்கும். 2015ல எம்.ஐ.டில அதிவேக கேமரா வைச்சு படம் புடிச்சுக் காட்டினாங்க, மெதுவா விழற மழைலதான் அது அதிகம். ஆக மழை காத்துலருந்து எடுக்குறப்பவே மண்ணுலருந்து கொஞ்சம் காத்துக்குக் குடுக்கவும் செய்யுது. மாடி மீட்டர் தம்பியோட 63ல அதுக்கும் ஒரு துளி பங்கு இருக்கலாம், ஈரம்தான் பெரும்பங்கு.

மழைக்கிண்ணம்
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி மறுபடி பேஞ்சுது, ரெண்டே நாள் இடைவெளி. இந்த தடவை தட்டு மூடி வைச்சு, மழை விழுந்ததும் தெறந்து, 31 மில்லிக்கு ஒருக்கா மாத்தினேன், பாதி ராத்திரி வரைக்கும் நனைஞ்சுகிட்டே. வரிசை: 15, 12, 10, 9, 9, 9, 14. அடியில படிவு எதுவும் இல்ல. முதல் கிண்ணம் 58 வரல, நீங்க சொன்ன மாதிரியே.

ஆனா அந்தக் கடைசி 14? மழை விட்டு சும்மா பிசுபிசுன்னு தூறிகிட்டு இருந்தப்போ சேந்தது, 31 மில்லி சேர முக்கால் மணி நேரம் ஆச்சு.

தூசித்தாத்தா
பொடித்துளி, அதுவும் வழியில ஆவியாகி கெட்டியா வந்ததுன்னு என் ஊகம். முக்கால் மணி நேரம் கிண்ணம் தெறந்து இருந்ததையும் மறக்காதீங்க.

ஆய்வகம்_விட்டவள்
இல்ல காத்து திசை மாறி வேற பக்கத்துப் புகை வந்திருக்கலாம். அப்போ காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு பாத்தீங்களா?

மழைக்கிண்ணம்
பாக்கல மேடம். தூக்கக் கலக்கத்துல கிண்ணத்தைத்தான் பாத்தேன். அடுத்த தடவை ஒரு துணியைக் கட்டி வைச்சுடுறேன்.